போனஸுக்குப் பட்டாசு, பைபேக்குக்குக் குறட்டை

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் சூடான பதிவு. தாம்பரம் மின்சார ரயில்ல ஆரம்பிச்சு நம்ம பதிவுலகம் வரைக்கும் ஒரே பேச்சு: "போனஸ் வருதாம், முன்னாடியே வாங்கிப் போடு, பணம் டபுள்!" ஒண்ணும் டபுள் ஆகாது சாமி.

நம்ம சிறுசேரியில பெரிய கட்டடம் வெச்சிருக்கற டி.சி.எஸ்ஸையே எடுத்துக்குவோம். 2018ல ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ் கொடுத்தாங்க. சுமார் 191 கோடியா இருந்த பங்குகள் 383 கோடியாச்சு. கம்பெனிக்குள்ள என்ன நடந்தது? ஒரு பங்கின் முகமதிப்பு 1 ரூபாய். அதனால கையிருப்புன்னு எழுதியிருந்த கணக்கிலிருந்து 191 கோடி ரூபாயை எடுத்து மூலதனம்ங்கற கணக்குல எழுதினாங்க. அவ்வளவுதான். வெளியிலிருந்து ஒரு பைசா உள்ள வரலை, உங்க கைக்கும் வரலை. 3,500 ரூபாயை ஒட்டி இருந்த விலை அன்னிக்கே ஏறக்குறைய பாதியாச்சு. புதுப் பங்கு கணக்குல ஏற சில நாள் ஆகுங்கறதால, நடுவுல பார்த்தவங்க பாதிப் பணம் போச்சுன்னு அலறினதுதான் மிச்சம்.

ஸ்ப்ளிட்டும் இதே கதைதான். 10 ரூபாய் முகமதிப்பை 1 ரூபாயா உடைச்சா ஒண்ணு பத்தாகும், விலை பத்தில் ஒண்ணாகும். கையிருப்புக் கணக்கைக்கூடத் தொட வேண்டியதில்லை. நம்ம சென்னைக் கம்பெனி எம்.ஆர்.எஃப் உடைக்காமலே இருந்து, 2023 ஜூன்ல ஒரு பங்கு ஒரு லட்சத்தைத் தாண்டிச்சு. "அய்யோ விலை ஜாஸ்தி"ன்னு சொல்றவங்க, பத்தாயிரமா உடைச்சா மட்டும் அது மலிவுன்னு எப்படிச் சொல்றாங்கன்னு எனக்குப் புரியலை. சின்னத் தொகை வெச்சிருக்கறவர் வாங்க வசதியாகும், வாங்க விற்க ஆள் கூடும். பலன் அதோட சரி.

இப்ப பைபேக்குக்கு வருவோம். நிஜமாவே பணம் கைமாறற இடம் இதுதான். ஆனா இதைப் பத்தித்தான் நாம யாரும் பதிவே போடறதில்லை!

2023 டிசம்பர்ல டி.சி.எஸ் 17,000 கோடி ரூபாய்க்குப் பங்குகளைத் திரும்ப வாங்கிச்சு. கொடுத்த விலை 4,150. சந்தை விலை 3,500ஐ ஒட்டி. ரெக்கார்டு தேதியன்னிக்கு ரெண்டு லட்ச ரூபாய் மதிப்புக்குள்ள பங்கு வெச்சிருந்தா நீங்க சிறு முதலீட்டாளர். செபி விதிப்படி 15 சதவீதம் உங்களுக்குன்னு தனியா ஒதுக்கணும். அந்த முறை சிறு முதலீட்டாளருக்கு ஆறு பங்குக்கு ஒரு பங்கு உரிமை கிடைச்சது.

குரோம்பேட்டையில ஒரு அண்ணாச்சி 48 பங்கு வெச்சிருந்தார்னு வையுங்க. அவருக்கு 8 பங்கு உரிமை. கொடுத்திருந்தா பங்குக்கு 650 வீதம் 5,200 ரூபாய் அதிகம். சரி, கொடுக்காம இருந்தா நஷ்டமில்லையேன்னு கேப்பீங்க. இருக்கு. கம்பெனி சந்தை விலையை விட அதிகம் கொடுத்து வாங்குது. அந்த அதிகப் பணம் யாரோடது? வெளியேறாம இருக்கறவங்களோடது. கணக்குப் போட்டா, மிச்சமிருக்கற ஒவ்வொரு பங்குக்கும் சுமார் 7 ரூபாய் குறையுது. கம்பெனி கட்டின பைபேக் வரி தனி. தொகை சின்னதுதான், ஆனா திசையைப் பாருங்க: தூங்கினவர் பையிலிருந்து, விண்ணப்பிச்சவர் பைக்கு. தூங்கினவன் கன்று கடாக்கன்றுன்னு சும்மாவா சொன்னாங்க! பெரிய முதலாளி டாடா சன்ஸே அப்ப தன் பங்குகளைக் கொடுத்துக் காசு வாங்கிச்சு.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ரெக்கார்டு தேதியன்னிக்குப் பங்கு உங்க டிமேட்ல இருக்கணும். உரிமை எத்தனைன்னு மின்னஞ்சல் வரும். விளம்பர மடல்னு அதை அழிச்சிடாதீங்க. உங்க புரோக்கர் மூலமா, சலுகை திறந்திருக்கற அந்தச் சில நாளுக்குள்ள கொடுக்கணும். உரிமைக்கு மேலயும் கொடுத்துப் பார்க்கலாம். மத்தவங்க தூங்கினா அவங்க பங்கு உங்களுக்கு வரும். ஏத்துக்காதது உங்க கணக்குலயே இருக்கும்.

எல்லா பைபேக்கும் லாபம்னு சொல்ல வரலை. சலுகை விலை சந்தை விலையை ஒட்டி இருந்தா வேலை மிச்சம்னு விட்டுடலாம். 2024 அக்டோபர்ல வரிவிதி தலைகீழா மாறிச்சு. அதுக்கு முன்னாடி கம்பெனி கட்டின வரி நம்ம தலைக்கு வந்தது. அதனால ஒவ்வொரு முறையும் அன்னிய விதியை வெச்சுக் கணக்குப் போட்டுட்டு இறங்குங்க.

பதிவர்களே, அடுத்த தடவை "போனஸ் அள்ளுங்க"ன்னு தலைப்பு வைக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: இதுல கம்பெனியை விட்டு ஒரு ரூபாயாவது வெளிய போகுதா? போகலைன்னா உங்களுக்கு ஒண்ணும் வரலை. போகுதுன்னா, அது யாருக்குப் போகுதுன்னு பாருங்க.

டிஸ்கி: அண்ணாச்சி கற்பனை, கணக்கு நிஜம். எதை வாங்கணும், எதை விக்கணும்னு பின்னூட்டத்துல கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். கணக்குல தப்பிருந்தா மட்டும் கும்மலாம்.