மூலத்தைப் பார்க்காமல் விடை எழுதலாமா?

"நீக்கல் தாக்கம் என்றால் சயிற்செவ் விளைவுதான்" என்று உயர்தரப் பிள்ளைகளுக்கு மனனமாக்கி விடுவது பிழை என்பதே என் கருத்து.

2-புரோமோ-2-மெதைல்பியூட்டேனை எடுங்கள். சிறிய மூலமான எதொட்சைட்டு, சங்கிலியின் உள்ளேயுள்ள காபனிலிருந்து ஐதரசனை எடுக்கும். கூடிய பிரதியீடுள்ள, உறுதியான 2-மெதைல்-2-பியூட்டீன் சுமார் 70% வரும். இதுதான் சயிற்செவ் விளைவு.

மூலத்தை மட்டும் மாற்றி, பருத்த தேர்-பியூட்டொட்சைட்டைப் போடுங்கள். நெருக்கடியான உட்பக்க ஐதரசனை அது எட்டுவது கடினம். ஆகவே ஓரத்து மெதைல் ஐதரசனையே விரைவாக எடுக்கும். இப்போது ஹொஃப்மன் விளைவான 2-மெதைல்-1-பியூட்டீன்தான் 70% அளவில் வரும். மற்றையதும் கொஞ்சம் இருக்கும்.

உறுதி குறைந்த அல்கீன் முந்துவது, அது வேகமாக உருவாவதால்தான். எனவே பிள்ளைகள் விதியைச் சொல்லுமுன், "மூலம் எவ்வளவு பருமன்?" என்று கேட்கப் பழக்குவோம்.