ஒரே மணப்பெண், நான்கு நிறங்கள்

கிள்ளானில் நடந்த ஒரு திருமணத்தை எடுத்துக்கொள்வோம். திருமணம் முடிந்து மூன்று வாரங்களுக்குப் பின், படப்பிடிப்பாளர் ஆல்பத்தின் மாதிரிப் பக்கங்களை மணப்பெண்ணின் வீட்டுக்குக் கொண்டு வருகிறார். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டுகிறார். நலங்குப் படத்தில் பேத்தியின் முகம் இலேசாகப் பச்சை படிந்து சோர்ந்திருக்கிறது. மணமேடையில் அவள் ஆரஞ்சுப் பழம்போல் மின்னுகிறாள். மாலையில் மாமரத்தடியில் எடுத்த படத்தில் சாம்பல் பூசியதுபோல் நீலமாக இருக்கிறாள். இரவு விருந்தில் முகம் முழுதும் ஊதா நிறம்.

“ஏம்மா, இதுல எது நீ?” என்று பாட்டி கேட்கிறார்.

பாட்டி கேட்பது நியாயமான கேள்வி. படங்கள் நான்கும் ஒரே நாளில், ஒரே கேமராவில் எடுக்கப்பட்டவை. மாறியது வெளிச்சம் மட்டுமே. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகால் அளக்கிறார்கள். குத்துவிளக்கின் சுடர் 2000 கெல்வினுக்கும் சற்றுக் குறைவு. மண்டபங்களில் எரியும் மஞ்சள் விளக்குகள் ஏறக்குறைய 3000. நண்பகல் வெயில் 5500-ஐ ஒட்டியிருக்கும். மரநிழலுக்கு வானத்தின் நீல ஒளியே பெரும்பாலும் வந்து சேர்வதால் அங்கே 7000-ஐயும் தாண்டும். எண் கூடக்கூட ஒளி மஞ்சளிலிருந்து நீலத்துக்கு நகர்கிறது. வீட்டுக் கூடத்தின் குழல் விளக்கு இன்னொரு வகை. அதன் ஒளியில் பச்சை சற்று மிகுந்திருப்பதுண்டு.

இந்த மாற்றங்களை நாம் நேரில் உணர்வதில்லை. மண்டபத்துக்குள் நுழைந்த சில நிமிடங்களில் கண்ணும் மூளையும் அங்குள்ள ஒளிக்குப் பழகிவிடுகின்றன. மஞ்சள் விளக்கின் கீழும் வெள்ளை வேட்டி நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. கேமரா அப்படியில்லை. விழுந்த ஒளியை விழுந்தபடியே பதிவு செய்கிறது. தானியங்கி அமைப்பில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக ஊகம் செய்கிறது. மணப்பெண் சிவப்புப் பட்டு உடுத்தியிருந்தால், அந்தச் சிவப்பையே ஒளியின் நிறம் என்று எண்ணி முகத்தை நீலத்தின் பக்கம் தள்ளிவிடவும் கூடும்.

ஆகவே ஆல்பம் செய்பவர் இந்தப் படங்களை ஒன்றோடொன்று பொருத்தியாக வேண்டும். அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்க முடியாது. ஆனால், எந்த நிறத்தோடு பொருத்துவது? கருத்து வேறுபாடு தொடங்கும் இடம் இதுதான்.

கிள்ளான் படப்பிடிப்பாளர் பாட்டியின் கேள்விக்குப் பின் படங்களை எடுத்துச் சென்றார். ஒரு வாரத்தில் புதிய மாதிரியோடு வந்தார். இப்போது எல்லாப் பக்கங்களிலும் முகம் ஒரே நிறம்தான். அவர் தேர்ந்த நிறம், இருந்த படங்களிலேயே மிக வெளுப்பானது. ஒப்பனை அறையில், முகத்துக்கு நேரே பிளாஷ் அடித்து எடுத்த படம் அது. மற்ற படங்களில் மணப்பெண்ணின் முகத்தையும் கழுத்தையும் மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த அளவுக்கு வெளுக்க வைத்திருந்தார்.

உறவினர்கள் மகிழ்ந்தார்கள். மணப்பெண் மட்டும் தாரை வார்க்கும் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கைமேல் அவள் கை இருந்தது. இரண்டும் ஒரே மாநிறம். முகம் மட்டும் வேறு யாருடையதோபோல் இருந்தது.

“அண்ணா, இந்தக் கை அப்பா பொண்ணோட கை. இந்த முகம் யாரோடது?” என்று கேட்டாள்.

படப்பிடிப்பாளரைக் குறைசொல்லி முடித்துவிடுவது எளிது. அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பத்து வாடிக்கையாளர்களில் பலர் “கொஞ்சம் வெள்ளையா வரட்டும்” என்று கேட்கிறார்கள். கேட்டதைச் செய்யாவிட்டால் அடுத்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். அவர் கைக்கொண்ட வழக்கமும் புதிதன்று. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் படம் அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பி வந்தது. அதில் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண்ணின் படம் இருக்கும். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் நிறம் சரியாக வந்துவிட்டால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். மாநிறத்தவரும் கறுத்தவரும் அந்த அட்டைக்குத் திருத்திய இயந்திரத்தில்தான் தங்கள் படங்களை அச்சிட்டார்கள். பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. வெளுப்பை அளவுகோலாக வைக்கும் பழக்கம் அட்டையோடு ஒழியவில்லை.

எனினும், அவர் செய்தது பொருத்துதல் ஆகாது. ஒளியைத் திருத்துவது ஒரு வேலை. தோலைத் திருத்துவது வேறொரு வேலை. இரண்டையும் பிரித்தறியத் தோலின் இயல்பைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். மனிதத் தோல் எந்த இனத்தவருடையதாக இருந்தாலும் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட ஒரு குறுகிய நிற எல்லைக்குள்தான் வருகிறது. ஒருவருக்கும் மற்றவருக்கும் பெரிதும் வேறுபடுவது அதன் கருமையும் வெளுமையும்தான். எனவே, முகத்தில் பச்சையோ நீலமோ ஏறியிருந்தால் அது ஒளியின் வேலை. அதை நீக்கலாம், நீக்கவும் வேண்டும். ஆனால், நிழலும் வெளிச்சமும் கணக்கில் எடுக்கப்பட்ட பிறகும் எஞ்சியிருக்கும் கருமை அந்தப் பெண்ணுடையது. அதைத் தொட வேண்டிய தேவை எங்கே வந்தது?

மூன்றாவது முறை அவர் வேறு வழியில் சென்றார். நல்ல வேளையாக அவரிடம் ஒரு சாம்பல் அட்டை இருந்தது. எல்லாப் படங்களையும் ‘ரா’ கோப்பாகவும் எடுத்து வைத்திருந்தார். சாம்பல் அட்டையில் எந்த நிறச் சாய்வும் இராது. நல்ல ஒளியில் அதைப் படமெடுத்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சம அளவில் பதிவாகும். சமமாக இல்லையென்றால், எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவும் விளக்கின் நிறம். காலையில் வாசலில், மேகம் பரவிய வெளிச்சத்தில், மணப்பெண்ணின் தங்கை அந்த அட்டையை அக்காவின் முகத்தருகே பிடித்திருந்த படம் ஒன்று கிடைத்தது. அதையே அவர் மூலப்படமாக வைத்துக்கொண்டார். அட்டையைக் கொண்டு ஒளியைச் சமன் செய்தபின், கழுத்தின் பக்கவாட்டில் நிறத்தை அளந்தார். நூற்றுக்கு, சிவப்பு 60, பச்சை 45, நீலம் 36.

முகத்தை விட்டுக் கழுத்தை அளந்ததற்குக் காரணம் உண்டு. முகத்தில் ஒப்பனை இருக்கிறது. சில ஒப்பனைப் பூச்சுகளில் உள்ள வெண்ணிறத் தாதுக்கள் பிளாஷ் ஒளியைத் திருப்பி அனுப்பி முகத்தை இருப்பதைவிட வெளுப்பாகக் காட்டும். முன்பு அவர் அளவுகோலாக வைத்த படத்தில் நடந்ததும் இதுதான். அவர் பொருத்தியது மணப்பெண்ணின் நிறத்தோடு அன்று. பூச்சில் பட்டுத் தெறித்த வெளிச்சத்தோடு.

மரத்தடிப் படத்தில் அதே கழுத்து 48, 42, 41 என்று காட்டியது. நீலம் பச்சையை எட்டிப் பிடித்திருந்தது. முகம் சாம்பலாகத் தெரிந்ததன் காரணம் அதுவே. ஒளியின் அளவை 7000-க்கு மேல் நகர்த்தி, வெளிச்சத்தைச் சிறிது கூட்டியதும் எண்கள் மூலப்படத்தை நெருங்கின. முற்றிலும் ஒன்றாக்க அவர் முயலவில்லை. நிழலில் நிற்பவர் நிழலில் நிற்பவராகவே தெரிய வேண்டும். மணமேடைப் படங்களில் மஞ்சளை முழுவதும் துடைத்தபோது குத்துவிளக்கின் சுடர் வெளிறிப் போனது. அங்கே கொஞ்சம் மஞ்சளைத் திரும்ப விட்டார். படம் சூடாக இருந்தது. முகமோ ஆரஞ்சாக இல்லை. எண்ணை மட்டும் நம்பியிருந்தால் இந்த இடத்தில் தவறியிருப்பார்.

நலங்குப் படங்கள் அவரைக் குழப்பின. குழல் விளக்கின் பச்சையை எடுத்த பிறகும் கன்னங்களில் மஞ்சள் போகவில்லை. வாசல் கதவு வழியே வந்த பகல் ஒளியோ என்று எண்ணி மேலும் திருத்தினார். உடனே தரையும் சுவரும் நீலமாகிவிட்டன. பிறகுதான் புரிந்தது. அது விளக்கு செய்த மஞ்சள் அன்று. அத்தைகள் பூசிய மஞ்சள். அதை அப்படியே விட்டுவிட்டார். எந்த நிறம் ஒளியினுடையது, எது உண்மையில் தோலின்மேல் இருப்பது என்பதைப் படத்திலுள்ள வேறு பொருள்கள்தாம் சொல்ல முடியும். வெள்ளைச் சுவர் வெள்ளையாகவும் முகம் மஞ்சளாகவும் இருந்தால், முகம் மஞ்சள்தான்.

அதேபோல, தோல் வெளுக்க வைக்கப்பட்ட படத்தையும் கண்டுபிடிக்கலாம். தோலின் நிறமும் தங்கத்தின் நிறமும் ஏறக்குறைய ஒரே வகையைச் சேர்ந்தவை. படம் முழுவதிலும் ஆரஞ்சு நிறத்தைப் பிடித்து வெளுப்பேற்றினால் தாலியும் சரிகையும் மரக்கதவும் சேர்ந்தே வெளிறும். முகத்தை மட்டும் வெளுத்தால் காதும் கையும் காட்டிக்கொடுக்கும். ஆல்பத்தை வாங்குமுன் தாலியையும் கையையும் பார்ப்பது நல்லது.

ஊதா விளக்கில் எடுத்த விருந்துப் படங்கள் மட்டும் வழிக்கு வரவில்லை. அந்த எல்.இ.டி. விளக்கில் நீலமும் சிவப்பும் இருந்தன. பச்சை ஏறத்தாழ இல்லவே இல்லை. கேமராவுக்கு வந்து சேராத நிறத்தை எந்தத் திருத்தமும் வரவழைக்காது. வலிந்து திருத்தினால் முகம் திட்டுத்திட்டாகிவிடும். அவர் மூன்று படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினார். நடனப் படங்களை ஊதாவாகவே விட்டார்.

அச்சுக்கு அனுப்புமுன் எல்லாப் படங்களையும் சிறிதாக்கி ஒரே திரையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். தனித்தனியே பார்க்கும்போது கண் ஒவ்வொன்றுக்கும் பழகிவிடும். அருகருகே வைத்தால்தான் விலகி நிற்பது தெரியும். பிறகு இரண்டு பக்கங்களை மட்டும் மாதிரிக்கு அச்சிட்டார். திரையின் வெளிச்சம் மிகுந்திருந்ததால் தாளில் எல்லாம் ஒரு படி கறுத்து வந்தது. அதையும் திருத்த மேலும் ஒரு நாள் ஆனது.

இவ்வளவு உழைப்புக்கும் கட்டணத்தில் இடமில்லை என்பது அவரது குறை. அந்தக் குறை சரியானதே. நாலாயிரம் படங்களை எடுத்துத் தரச் சொல்லிவிட்டு, பொருத்தும் நாள்களுக்குக் கூலி பேசாதவர்கள் வெளுப்பேற்றும் குறுக்குவழியைத் தாங்களே விலைகொடுத்து வாங்குகிறார்கள். முன்பணம் கொடுக்கும்போதே, “எந்தப் படத்தை மூலமாக வைப்பீர்கள்?” என்று மணப்பெண் கேட்டுவிடலாம். அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவளுடையது, உறவினர்களுடையது அன்று.

மூன்றாவது மாதிரி வந்த அன்று பாட்டி நலங்குப் பக்கத்தில் நின்றார். தாலி கட்டும் பக்கத்துக்குப் போனார். மீண்டும் நலங்குக்கே வந்தார்.

“மஞ்சள் கொஞ்சம் கூடப் பூசிட்டாங்க, உங்க அத்தைங்க,” என்றார்.