புலமைப்பரிசிலைத் தேடும் முறை

இணையத்தில் 'புலமைப்பரிசில்' என்று மட்டும் தேடினால், எல்லோரும் அறிந்தவையே முன்னால் வரும். பணம் தருபவர் யார் என்பதிலிருந்து தேடலைத் தொடங்குவதே சரி என்பது என் கருத்து. கொப்பியில் மூன்று நிரல்களை வரையுங்கள்: நம் நாட்டு அமைப்புகள், நிதியங்களும் வங்கிகளும், பல்கலைக்கழகத் துறைகள்.

பிரித்தானியாவில் பொதுச் சுகாதாரத்தில் முதுமாணி படிக்க விரும்பும் நம் பட்டதாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பொதுநலவாய முதுமாணிப் புலமைப்பரிசிலுக்கு நம் நாட்டு அரச அமைப்பு பரிந்துரைக்கலாம். ஆகவே அது முதல் நிரலில் வரும். அந்த அமைப்பின் முடிவுத் திகதியையும் தனியாகக் குறிக்க வேண்டும். லண்டன் திகதியை மட்டும் பார்த்திருந்தால் வாய்ப்புத் தவறலாம்.

இரண்டாம் நிரலில் இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி வரும். உறுப்பு நாடல்லாத நாடுகளின் முஸ்லிம் சமூகங்களுக்காக அது 1983இல் தொடங்கிய திட்டத்தில், உதவி மாணவருக்கு வட்டியில்லாக் கடனாகவே கிடைத்தது. எனவே எந்த உதவியிலும் அது கொடையா கடனா என்பதை முதலில் பாருங்கள்.

பொதுநலவாயப் பகிர்வுப் புலமைப்பரிசில் மூன்றாம் நிரலுக்குரியது. செலவைப் பொதுநலவாய ஆணைக்குழுவும் பல்கலைக்கழகமும் பகிர்கின்றன. பட்டியலிலுள்ள கற்கைநெறிகளுக்கு மட்டுமே அது உண்டு.

துறைகளின் பக்கங்களைக் கண்டுபிடிக்கத் தேடல் பெட்டியில் இப்படி இடுங்கள்:

```
site:ac.uk scholarship "Sri Lanka" "public health"
```

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் பக்கங்களே பெரும்பாலும் வரும். பாடத்தின் பெயரை மாற்றி மீண்டும் தேடுங்கள். பழைய ஆண்டின் அறிவித்தல் வந்தால் அதை அழிக்காமல், அது வெளியான மாதத்தைக் கொப்பியில் குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு எப்போது பார்க்க வேண்டும் என்பதை அதுவே சொல்லும்.