மௌத்து வீட்டில் அடுப்பு யாருடையது?



நம்ம கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். உம்மா வாப்பாவின் கடைசிக் காலமும் மகளோடுதான். அதனால் மௌத்தும் அங்கேயே நடக்கும், வெளியூர்ச் சொந்தமும் அங்கேயே வந்து இறங்கும். ஜனாஸா அடக்கி முடிய ஆண்பிள்ளைகள் வாசலில் கதிரை போட்டு இருப்பார்கள். வாப்பாவைப் பறிகொடுத்த மகள் அடுப்படியில் நிற்பாள்.

ஜஃபர் (ரலி) அவர்கள் மூத்தா போரில் ஷஹீதான செய்தி வந்தபோது, அந்தக் குடும்பத்துக்குச் சாப்பாடு செய்து கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மௌத்து வீட்டுக்குச் சாப்பாடு வெளியிலிருந்து போக வேண்டும். நாம் அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

போன வருஷம் எங்கள் சாச்சா மௌத்தானார். மாவனெல்லை, புத்தளம் பக்கமிருந்து 24 பேர் வந்து மூன்று இரவு தங்கினார்கள். முதல் நாளே ஒருவர், "சாச்சாட அலுமாரியில உள்ள காசில எடுப்பமே" என்றார். பக்கத்து வீட்டு மௌலவி மறித்தார். கபன், அடக்கச் செலவு அதிலிருந்து போகலாம். பிறகு கடன், வஸிய்யத். மிச்சம் வாரிசுகளின் சொத்து. சாச்சாவின் கடைசி மகனுக்கு வயது 12. எத்தீமின் பங்கில் நாம் சோறு தின்பதா?

அன்றிரவே ஐந்து வீட்டார் உட்கார்ந்து ஒரு கொப்பியில் எழுதினோம். பகல் சோறு இரண்டு வீடு, இரவுச் சாப்பாடு இரண்டு வீடு. அவரவர் வீட்டில் சமைத்துக் கொண்டுவர வேண்டும். ஒரு நேரத்துக்கு மூன்று கிலோ அரிசி, ஒரு கறி, பருப்பு, ஒரு சுண்டல், அவ்வளவுதான். காலைப் பாணும் சம்பலும் அக்கம்பக்கத்தார் பொறுப்பெடுத்தார்கள். ஐந்தாவது வீட்டு மாமா கூலி வேலை செய்பவர். அவர் தன் மண்டபத்தை 11 ஆண்கள் படுக்கக் கொடுத்தார். அதையும் முழுப் பங்காகவே எழுதினோம். சாச்சி இத்தாவில் இருந்ததால் அந்த வீட்டில் பெண்கள் மட்டும் தங்கினார்கள். இடம் போதாத பெண்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினோம். இரவல் வாங்கிய பாய், தலையணைக்கெல்லாம் வீட்டுக்காரர் பெயர் எழுதி ஒட்டினோம்.

ஆனாலும் ஒரு பிழை விட்டோம். இரண்டாம் நாள் இரவு 12 மணிக்குப் போய்ப் பார்த்தால் சாச்சாவின் மகள் கிணற்றடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். சமையலைப் பங்கிட்ட நாங்கள் கழுவுவதைப் பங்கிடவில்லை. கொழும்பிலிருந்து காசு அனுப்பியவரும் தன் கடமை முடிந்தது என்றே இருந்தார். மூன்றாம் நாள் கொப்பியில் கழுவுகிறவர், கூட்டுகிறவர் பெயரும் ஏறியது. அதில் பாதிப் பேர் ஆண்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். எத்தனை பேர் வருகிறீர்கள், தங்குவீர்களா என்பதைப் புறப்படும்போதே சொல்லுங்கள். ஒரு போர்வை கொண்டு வாருங்கள். அன்றே திரும்ப முடிந்தவர்கள் திரும்பிவிடுங்கள்.

இதையெல்லாம் மௌத்து அன்று பேசினால் சண்டைதான் வரும். எல்லோரும் சுகமாக இருக்கும்போதே உங்கள் குடும்பத்தில் பேசி வையுங்கள்.