கொற்கைக்கு விழுந்த தவறான எண்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம் கொற்கை என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் விலகிப்போக, இன்று அலைச் சத்தம்கூடக் கேட்காத வயல்காடாகிவிட்டது.

இந்த ஊரின் பெயர் கி.பி. 150 வாக்கிலேயே ஒரு கிரேக்கப் புத்தகத்தில் ஏறிவிட்டது. எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் இருந்த தாலமி எழுதிய 'புவியியல்' அது. முத்துக்குளிக்கும் வளைகுடா, ஆற்று முகத்துவாரம், 'கொல்கோய்' என்ற வணிகத் துறை என்று வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் இத்தனை டிகிரி என்று எண்ணும் கொடுத்திருக்கிறார்.

எண்ணில்தான் வில்லங்கம். கொற்கை உண்மையில் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் எட்டரை டிகிரியில் இருக்கிறது. தாலமி இந்தக் கரையைப் பதினான்கு, பதினைந்து டிகிரியில் வைத்தார். அந்தக் கணக்குப்படி போனால் நம் முத்துக்கரை நெல்லூர்ப் பக்கம் போய்விடும்! பாவம், அவர் இங்கே வந்ததில்லை. கப்பல்காரர்கள் சொன்ன 'இத்தனை நாள் பயணம்' என்ற கணக்கை டிகிரியாக மாற்றினார். இந்தியாவின் தெற்கு முனையே அவர் படத்தில் தட்டையாகிவிட்டது.

சுமார் 700 வருடம் கழித்து, இந்தப் புத்தகம் பாக்தாத்துக்குப் போனது. கலீபாக்களின் ஆட்சியில் கிரேக்க மருத்துவம், கணிதம், வானியல், தத்துவம் எல்லாம் அரபிக்கு வந்துகொண்டிருந்த காலம். அறிஞர் அல்-கிந்திக்காக இதை ஒருவர் மொழிபெயர்த்தார். அது மோசமாக இருந்ததாம். பிறகு தாபித் இப்னு குர்ரா சிறப்பாகச் செய்தார் என்று 10-ஆம் நூற்றாண்டின் நூற்பட்டியல் ஒன்று சொல்கிறது. தாபித் ஹர்ரான் ஊர்க்காரர். தாய்மொழி சிரியாக். காசு மாற்றும் தொழில் செய்தவர் என்பார்கள்.

தத்துவ நூலில் ஒரு சொல் தவறினால் வாக்கியம் இடிக்கும்; படிப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். ஊர்ப்பெயரும் எண்ணும் அப்படியில்லை. தவறாக எழுதினாலும் சரியாகவே தெரியும்.

அரபியில் பே, தே, நூன், யே போன்ற எழுத்துகள் சொல்லின் நடுவில் ஒரே மேடாகத்தான் இருக்கும். புள்ளிதான் வேறுபடுத்தும். பழைய ஏடுகளில் அந்தப் புள்ளியைப் பல சமயம் விட்டுவிடுவார்கள். புள்ளி வைக்காத நம் ஓலைச்சுவடிகளைப் படித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். ஆனால் அவர்களுக்கு வார்த்தையின் பொருள் கைகொடுக்கும். கேள்விப்படாத தூர தேசத்து ஊர்ப்பெயருக்கு என்ன பொருளைப் பார்ப்பது?

எண்களையும் எழுத்துகளாலேயே எழுதினார்கள். ஜீம் என்றால் 3, ஹே என்றால் 8. இரண்டுக்கும் வடிவம் ஒன்றுதான். ஜீமுக்கு மட்டும் ஒரு புள்ளி. அது விழுந்தால் 13 என்பது 18 ஆகிவிடும். ஐந்து டிகிரி என்றால் தரையில் 550 கிலோமீட்டர்! அதனால்தான் எண்ணாக எழுதும்போது ஜீமின் வாலை வெட்டிவிடும் வழக்கம் வந்தது. புள்ளி போனாலும் வால் காட்டிக்கொடுக்கும் அல்லவா?

அப்படியும் தப்பு நுழைந்தால் பக்கத்து ஊர்களைப் பார்க்க வேண்டும். கரையோரமாக வரிசையில் வரும் துறைகளில் ஒன்று மட்டும் கடலுக்குள்ளோ மலைமேலோ போய் உட்கார்ந்தால், தவறு அங்கேதான்.

எழுத்தர் செய்த பிழைக்கு இது மருந்து. ஆனால் தாலமியே செய்த பிழைக்கு? அதற்கு அளந்து பார்ப்பதுதான் வழி. கலீபா அல்-மாமூன் (813-833) காலத்தில் சிஞ்சார் சமவெளியில் இரண்டு குழுக்கள் வடக்கும் தெற்குமாக நடந்தன. வானத்தில் துருவத்தின் உயரம் ஒரு டிகிரி மாறும்வரை போய், தூரத்தை அளந்தன. அதே காலத்தில் அல்-குவாரிஸ்மி தாலமியைத் திருத்தி ஒரு பட்டியல் போட்டார். மத்தியதரைக் கடலின் நீளத்தை 62 டிகிரி என்று தாலமி சொன்னதை ஏறக்குறைய 50 ஆகக் குறைத்தார். உண்மை அளவு 42 பக்கம். இந்தியப் பெருங்கடலை நாலாபுறமும் நிலம் சூழ்ந்த ஏரி என்று தாலமி நினைத்ததையும் மாற்றினார்.

தாபித்தின் மொழிபெயர்ப்பு இன்று நம் கையில் இல்லை. கிரேக்க மூலம் பிழைத்துக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டில் நெல்லைச் சீமையில் வாழ்ந்த கால்டுவெல், 'கொல்கோய்' நம் கொற்கைதான் என்று எடுத்துக்காட்டினார். டிகிரியை நம்பித் தேடியிருந்தால் ஆந்திராவில் அல்லவா தேடியிருக்க வேண்டும்? பெயரின் ஒலியும், பக்கத்தில் ஆறு, முத்துக்குளிப்பு என்று எழுதியிருந்ததும்தான் அந்த வயல்காட்டை அடையாளம் காட்டின.