நல்லவர், வல்லவர்... எந்த வேலைக்கு?

வேலையை விட்டுப் போகிறவர் கையில் மூன்று காகிதங்கள் இருக்கக்கூடும். முதலாவது விடுவிப்புக் கடிதம். ராஜினாமா ஏற்கப்பட்டது, இன்ன தேதி மாலையுடன் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். இரண்டாவது பணிச் சான்றிதழ். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன பதவியில் இருந்தார் என்பதை அது சொல்லும். இந்த இரண்டையும் பணியாளர் பிரிவு தயாராக வைத்திருக்கும் வாசகத்தில் பெயரை நிரப்பித் தந்துவிடும். மூன்றாவது பரிந்துரைக் கடிதம். இது அலுவலகம் தருவதல்ல. உடனிருந்து வேலை வாங்கிய மேலாளர், தான் கண்டதைத் தன் பெயரில் சொல்வது.

சிக்கல் என்னவென்றால், மூன்றாவது காகிதத்தையும் நம் மேலாளர்கள் இரண்டாவதைப் போலவே எழுதுகிறார்கள். "இவர் கடின உழைப்பாளி. நேர்மையானவர். சக ஊழியர்களுடன் இணக்கமாகப் பழகுபவர். இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்." இதில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் இந்தக் கடிதத்தில் பெயரை மட்டும் அடித்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரின் பெயரை எழுதினால் அவருக்கும் பொருந்தும். அப்படிப் பொருந்துகிற கடிதம் இருவரில் யாருக்காகவும் எழுதப்பட்டதல்ல. வேலைக்கு எடுப்பவர் அதைப் படிப்பதில்லை, கோப்பில் வைக்கிறார்.

பாராட்டை மட்டுமே எழுதலாம் என்றாகிவிட்டால் பாராட்டு எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஜெர்மனி நல்ல உதாரணம். அங்கே பணி முடித்துச் செல்பவருக்கு எழுத்தில் சான்று பெறும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. சான்று உண்மையாக இருக்க வேண்டும். ஊழியரின் முன்னேற்றத்துக்குத் தேவையின்றித் தடை போடாமலும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லிவந்திருக்கின்றன. விளைவு, குறையைப் பாராட்டின் அளவிலேயே ஒளித்துவைக்கும் வழக்கம். "எங்களுக்குத் திருப்தியாகப் பணியாற்றினார்" என்றால் சுமார்தான். "எப்போதும் முழுமையிலும் முழுமையான திருப்தி" என்றால்தான் முதல் தரம். "முயற்சி செய்தார்" என்று எழுதியிருந்தால் முயற்சியோடு சரி, வேலை நடக்கவில்லை என்று பொருள். வெளிப்படையாகத் தெரிவதற்கு மாறான பொருளை உணர்த்தும் வாசகம் கூடாது என்று சட்டம் சொல்லியும் இந்தக் குழூஉக்குறி ஒழியவில்லை. நம் ஊரில் இவ்வளவு ஒழுங்கான அகராதி கிடையாது. அதனால் எழுதியவர் ஒன்றை நினைக்க, படிப்பவர் வேறொன்றை ஊகிக்க, நடுவில் நிற்பது வேலை தேடுபவர்.

எனக்குப் பழக்கமான தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு வார இதழின் மொழிபெயர்ப்புப் பிரிவு. ஐந்து பேர். அவர்களில் ஒரு பெண் விலகி, பாடநூல்கள் வெளியிடும் ஒரு பதிப்பகத்துக்குப் போகிறார். பிரிவின் பொறுப்பாளர் எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

"இவர் எங்கள் பிரிவில் ஐந்து ஆண்டுகள் பணியாற்றினார். கடைசி மூன்று ஆண்டுகள் நேரடியாக என் பொறுப்பில் இருந்தார். அவரது பிரதிகளை வாரந்தோறும் திருத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

"பொருளாதாரம், சட்டம் பற்றிய கட்டுரைகளே பெரும்பாலும் அவரிடம் தரப்பட்டன. ஆங்கிலத்தில் 1,800 சொற்கள் உள்ள கட்டுரையைக் காலையில் கொடுத்தால் மாலையில் தமிழில் தந்துவிடுவார். தொகைகள் அவர் பிரதியில் தவறியதை மூன்று ஆண்டுகளில் இருமுறைதான் பார்த்தேன். மூலத்திலேயே இருந்த எண் பிழைகளைக் கண்டுபிடித்து ஆங்கிலப் பிரிவுக்கு அவர் சொன்னது அதைவிட அதிகம். அவர் தொடங்கிய கலைச்சொல் பட்டியலில் இன்று சுமார் 900 சொற்கள் இருக்கின்றன. மற்ற நால்வரும் அதையே பயன்படுத்துகிறோம்.

"இதழ் முடிக்கும் நாளின் கடைசி ஒரு மணி நேரத்தில் அவரது தமிழ் இறுகிவிடும். வாக்கியங்கள் ஆங்கிலத்தின் வரிசையிலேயே வந்து விழும். இது பற்றி அவரிடம் பேசியிருக்கிறேன். நீண்ட கட்டுரைகளை முதல் நாளே கொடுக்கத் தொடங்கிய பின் இந்தக் குறை அநேகமாகத் தென்படவில்லை.

"பாடநூல், சட்டம், பொருளாதாரம் சார்ந்த மொழிபெயர்ப்புக்கும், பிறர் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் பணிக்கும் இவரைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். வாய்ப்பு வந்தால் இதே வேலைக்கு மீண்டும் எடுத்துக்கொள்வேன்."

இந்தக் கடிதத்தில் 'திறமைசாலி' என்ற சொல் இல்லை. ஆனால் திறமை எங்கே இருக்கிறது என்பது தெரிகிறது. முதல் பத்தி, எழுதுபவர் எவ்வளவு பார்த்தார் என்ற எல்லையைச் சொல்கிறது. ஐந்து ஆண்டுகளில் மூன்றுக்கு மட்டுமே அவர் சாட்சி. இந்த ஒரு வரியே அடுத்து வரும் வரிகளை நம்பவைக்கிறது.

இரண்டாவது பத்தியில் உள்ள எண்களுக்குக் காரணம் இருக்கிறது. 1,800 என்பது மூலத்தின் சொற்கள் என்று சொல்லியாக வேண்டும். வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கட்டுரை தமிழில் குறைந்த சொற்களில் முடிந்துவிடும். எந்த மொழியில் எண்ணியது என்று சொல்லாவிட்டால் வேகம் தவறாகக் கணக்கிடப்படும். தொகைகளைப் பற்றிய வரி வெளியாருக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆங்கிலத்தில் ஒரு பில்லியன் என்பது நமக்கு 100 கோடி. களைப்பில் அதைப் பத்துக் கோடி என்று எழுதிவிட்டால் வாக்கியம் தமிழாகவே இருக்கும், யாருக்கும் உறுத்தாது, தொகை மட்டும் பத்தில் ஒரு பங்காகிவிடும். கலைச்சொல்லும் அப்படித்தான். நிதிப் பற்றாக்குறையும் வருவாய்ப் பற்றாக்குறையும் வேறு வேறு. ஒரு பாடத்தில் ஒன்றும் அடுத்த பாடத்தில் மற்றொன்றும் இடம் மாறி வந்தால் மாணவன் குழம்புவான். பாடநூல் பதிப்பகத்துக்குத் தேவையான செய்தி இது. 'நேர்மையானவர்' என்ற சொல்லிலிருந்து அது கிடைக்காது.

இனி மூன்றாவது பத்தி. மேலாளர்கள் தயங்குவது இங்கேதான். போகிற இடத்தில் குறை சொல்லி அனுப்புவதா என்பார்கள். குறையை மறைத்தால் என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டும். அந்தப் பெண் பதிப்பகத்துக்குப் போகாமல் ஒரு நாளிதழுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். கடிதம் முழுக்கப் பாராட்டு. நம்பி எடுத்தவர்கள் இரவுப் பணியில், பக்கம் முடிக்கும் நேரத்து அவசரச் செய்திகளைக் கொடுப்பார்கள். அவருடைய பலவீனம் ஒன்றே அவருடைய முழு வேலையாகிவிடும். தகுதிகாண் காலம் முடிவதற்குள் 'எதிர்பார்த்த அளவுக்கு இல்லை' என்ற பெயர் வந்துவிடும். முந்தைய ஐந்து ஆண்டு உழைப்பைக் கெடுப்பது அங்கே குறையைச் சொன்ன கடிதமல்ல, சொல்லாத கடிதம்.

ஒரே குறை பாடநூல் பதிப்பகத்தில் பொருட்டே அல்ல; அங்கே கெடு வாரக் கணக்கில் இருக்கும். நாளிதழில் அதுவே முதல் கேள்வி. அதனால்தான் யாருக்கு எழுதுகிறோம், என்ன வேலைக்கு எழுதுகிறோம் என்று கேட்காமல் கடிதத்தைத் தொடங்கக் கூடாது. 'சம்பந்தப்பட்டவர்களுக்கு' என்று பொதுவாக விலாசமிட்ட கடிதத்தில் எந்தக் குறை முக்கியம் என்று முடிவு செய்யவே வழியில்லை. திருக்குறளில் தெரிந்துதெளிதல் ஓர் அதிகாரம், தெரிந்துவினையாடல் அடுத்த அதிகாரம். ஒருவரை நம்பலாமா என்பது ஒன்று. அவரிடம் எந்த வேலையை ஒப்படைக்கலாம் என்பது மற்றொன்று. நம் பரிந்துரைகள் முதல் அதிகாரத்தோடு நின்றுவிடுகின்றன.

எந்தக் குறையை எழுதலாம்? அது நானே பார்த்ததாக இருக்க வேண்டும்; ஒருமுறை நடந்ததாக இல்லாமல், திரும்பத் திரும்ப நடந்ததாக இருக்க வேண்டும். இன்னொன்று இவற்றைவிட முக்கியம். அவரிடம் நேரில் சொல்லப்பட்டதாக இருக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் வாய் திறக்காமல் இருந்துவிட்டுக் கடிதத்தில் முதன்முறையாகச் சொல்வது நேர்மையாகாது. கையெழுத்திடும் முன் கடிதத்தை அவரிடமே காட்டிவிடுவது நல்லது. முகம் வாடலாம். ஆனால் வியப்பு தெரிந்தால், தவறு கடிதத்தில்தான். எந்தச் சூழ்நிலையில் அந்தக் குறை மறைந்தது என்பதையும் எழுத வேண்டும். 'முதல் நாளே கொடுத்தால் சரியாகிவிடும்' என்ற வரி புதிய மேலாளருக்குக் கிடைக்கும் பயன்படு குறிப்பு.

குறை எழுதினால் அவதூறு வழக்கு வருமோ என்ற பயமும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. தன் நலனையோ பிறர் நலனையோ காக்க நல்லெண்ணத்துடன் சொன்னதற்கு அதிலேயே விதிவிலக்கும் தருகிறது. ஆனால் உரிய கவனமில்லாமல் செய்ததைச் சட்டம் நல்லெண்ணம் என்று ஏற்பதில்லை. எனவே பாதுகாப்பு மழுப்பலில் இல்லை, ஆதாரத்தில் இருக்கிறது. 'சோம்பேறி' என்பது தீர்ப்பு. 'ஆறு மாதங்களில் ஒன்பது கட்டுரைகள் கெடு தாண்டி வந்தன' என்பது பணி அட்டவணையைப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய செய்தி. அந்த அட்டவணையையும் திருத்திய பிரதிகளையும் அவர் போவதற்கு முன்பே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். போன பிறகு நினைவிலிருந்து எழுதினால் உரிச்சொற்கள்தான் வரும்.

பரிந்துரைக்க மனம் வராதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு அரைமனதோடு நான்கு வரி எழுதுவது மோசமான வழி. படிப்பவர் அந்த அரைமனதைப் பெரிதாக ஊகித்துக்கொள்வார். "இந்த வேலைக்கு உங்களைப் பரிந்துரைக்க என்னால் முடியாது, வேறொருவரைக் கேளுங்கள்" என்று நேரில் சொல்லிவிடலாம். பணிச் சான்றிதழ் அவருக்குக் கிடைத்தே தீர வேண்டும். அதில் தேதியும் பதவியும் சரியாக இருந்தால் போதும். பரிந்துரை அப்படியல்ல. அதைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. மறுக்கும் உரிமை மேலாளருக்கும் உண்டு.