விளக்குப் பிடிக்கும் கையும் படம் பொறுக்கும் கண்ணும்

பள்ளிப் படிப்பை முடித்த மகனோ மகளோ, திருமணப் புகைப்படக்காரர் ஒருவருக்கு உதவியாளராகச் செல்ல விரும்புவதாகக் கூறினால், “பை சுமப்பதற்கா உன்னை இவ்வளவு படிக்க வைத்தோம்?” என்று பெற்றோர் கேட்பது இயல்பே. அக்கேள்வியைத் தள்ளிவிடுவதற்கில்லை. பையையும் விளக்கையும் சுமந்தே இரண்டு மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்டு, தொழில் ஏதும் கைவராமல் திரும்பிய இளைஞர்களும் உளர். அதே வேலையைச் செய்து, ஓராண்டில் தனியே ஒரு திருமணத்தை எடுக்கும் திறன் பெற்றவர்களும் உளர். இவ்விருவருக்கும் உள்ள வேறுபாடு யாது? பகலில் விளக்குப் பிடித்தவரே, அன்றைய படங்களை இரவில் கணினி முன் அமர்ந்து பொறுக்குகிறாரா என்பதுதான். சுமப்பதும் பொறுக்குவதும் இரு வேலைகளாகத் தோன்றினும், உண்மையில் அவை ஒரே பாடத்தின் இரு பாதிகள். இதனை ஒரு திருமண நாளைக் கொண்டே விளக்குவோம்.

காலை 10 மணிக்குத் திருப்பலி, நண்பகலில் குடும்பப் படங்கள், மாலையில் மண்டபத்தில் வரவேற்பு என வைத்துக்கொள்வோம். புகைப்படக்காரர் இரண்டு கேமராக்களைப் பயன்படுத்துகிறார். உதவியாளரின் முதல் வேலை, வீட்டை விட்டுப் புறப்படுமுன்னரே தொடங்குகிறது. பேட்டரிகள் நிறைந்துள்ளனவா, மெமரி கார்டுகள் காலியாக உள்ளனவா என்று பார்ப்பதை எவரும் சொல்லிக்கொடுப்பர். பலர் மறப்பது கடிகாரத்தை. இரு கேமராக்களுக்குள்ளும் ஓடும் கடிகாரங்கள் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். ஒன்று ஏழு நிமிடம் முந்தி ஓடினால் பகலில் யாருக்கும் தெரியாது. இரவில், எடுத்த நேரப்படி படங்களை அடுக்கும்போதுதான் அது வெளிப்படும். முதற்கேமராவில் 10.40 மணிக்குப் பதிவான தாலி கட்டும் படம், இரண்டாம் கேமராவில் 10.47 என்று பதிந்திருக்கும். ஆகவே தாலிப் படங்களிற் பாதி, அதன்பின் வந்த காணிக்கைப் பவனிப் படங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும். அவ்வாறு நேர்ந்தால், இரு கேமராவிலும் பதிவான ஒரே நொடியைத் தேடிக் கண்டு, நேர வேறுபாட்டைக் கணித்து, இரண்டாம் கேமராவின் படங்கள் அனைத்தையும் மொத்தமாக ஏழு நிமிடம் பின்னுக்கு நகர்த்தலாம். லைட்ரூம் போன்ற மென்பொருளில் அதற்கு வசதி உண்டு. ஆயினும் காலையில் ஒரு நிமிடம் செலவிட்டுக் கடிகாரங்களைச் சரிசெய்தவருக்கு இத்தொல்லை இல்லை.

இனி, விளக்கு. ஆலயத்தினுள் பிளாஷ் பயன்படுத்தலாமா, எவ்விடம் வரை செல்லலாம் என்பதை முந்தைய நாளே பங்குத் தந்தையிடம் கேட்டறிதல் நன்று. பீடத்தருகே விளக்கோடு நடமாடுவது வழிபடுவோர்க்கு இடையூறு. எனவே விளக்குப் பிடிப்பவரின் திறமை பெரும்பாலும் திருப்பலிக்குப் பின், குடும்பப் படங்களின்போதே சோதிக்கப்படுகிறது. அங்கு அவர் அறிந்திருக்க வேண்டிய விதி ஒன்றுண்டு. விளக்கிலிருந்து உள்ள தூரம் இரண்டு மடங்கானால், முகத்தில் விழும் ஒளி பாதியாவதில்லை, காற்பங்காகிவிடும்.

எட்டுப் பேர் ஒரு வரிசையில் நிற்கின்றனர். உதவியாளர் விளக்கை வரிசையின் ஓரமாகப் பிடித்துள்ளார். அருகிலுள்ள மணமகனின் மாமாவுக்கும் விளக்குக்கும் 3 மீட்டர். மறுகோடியில் நிற்கும் பாட்டிக்கோ 6 மீட்டர். மாமாவின் முகத்தில் விழும் ஒளியில் நான்கில் ஒரு பங்குதான் பாட்டிக்குக் கிட்டும். படத்தில் மாமா வெளிறியும் பாட்டி இருண்டும் தோன்றுவர். “தம்பி, விளக்கை என் பக்கம் கொண்டு வா” என்று புகைப்படக்காரர் அழைப்பது இதற்காகவே. விளக்கைக் கேமராவுக்கு அருகில், வரிசையின் நடுவுக்கு நேரே, தலைக்கு மேலான உயரத்தில் பிடித்தால், இரு கோடிகளும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் அமையும்; ஒளியும் ஒத்து விழும். மணமக்கள் இருவரை மட்டும் எடுக்கும்போது விளக்கைச் சற்றே பக்கவாட்டில் பிடிப்பது முகத்திற்கு வடிவு தரும். பலர் நிற்கும்போது அதே இடம் குற்றமாகிவிடும். அழைத்தவுடன் ஓடுகிற உதவியாளர் பணிவுள்ளவர். எதற்காக அழைத்தார் என்பதை இரவில் படத்தைப் பார்த்து உணர்கிறவரே தொழில் கற்பவர்.

மாலையில் வரவேற்பு முடிந்து, எல்லோரும் களைத்திருக்கும் வேளைதான் மிக ஆபத்தான வேளை. நிறைந்த கார்டையும் காலிக் கார்டையும் ஒரே பையில் போடுதலே பெரும்பாலான இழப்புகளுக்கு வழி. நிறைந்தவை வேறு பெட்டியில், முகம் கவிழ்த்து வைக்கப்படல் வேண்டும். அன்றிரவே அவற்றை இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்க்குகளில் படியெடுத்து, கார்டில் உள்ள படங்களின் எண்ணிக்கையும் படியின் எண்ணிக்கையும் ஒத்துள்ளனவா என்று பார்த்து, முதலிலும் நடுவிலும் இறுதியிலும் சில படங்களைத் திறந்து பார்த்த பின்னரே கார்டை அழிக்கலாம். திருமணத்தை மறுமுறை நடத்தி எடுக்க இயலாது என்பதால், இவ்வொரு ஒழுங்கில் சலுகையே இல்லை.

மறுநாள் பொறுக்கும் வேலை. இரு கேமராவிலுமாக 2,400 படங்கள் உள்ளன எனக் கொள்வோம். குடும்பத்தாருக்குக் கொடுக்க வேண்டியவை 500. முதற்சுற்றில் எது அழகு என்று பார்த்தலாகாது. எது ஆகாது என்று மட்டுமே பார்த்தல் வேண்டும். கண் மூடியவை, கை அசைந்து மங்கியவை, விளக்கு எரியாமல் இருண்டவை ஆகியன நீங்கும். இரண்டாம் சுற்றில், ஒரே காட்சியின் நாலைந்து படங்களை அருகருகே வைத்து, முழு அளவுக்குப் பெரிதாக்கி, கண்கள் கூர்மையாக உள்ளதைக் கொள்ள வேண்டும். சிறிய அளவில் எல்லாமே கூர்மையாகத் தோன்றும். பெரிதாக்கினால்தான் மணமகளின் கண்ணை விட்டு, அவள் பின்னே நின்ற தோழியின் காதணி கூர்மையாகியிருப்பது தெரியும்.

இங்கு ஒரு விதிவிலக்கைக் கருத்திற் கொள்க. முதிய தாத்தா ஒருவர் இருக்கும் ஒரே படத்தில் அவர் கண் மூடியிருந்தாலும் அப்படத்தை நீக்கலாகாது. அடுத்த ஆண்டு அவர் இல்லாமற் போனால், அக்குடும்பம் தேடிவருவது அந்தப் படத்தைத்தான். ஆகவே வீட்டு முதியவர்கள் யார் யார் என்பதைத் திருமணத்தன்றே மணமகனின் சித்தப்பாவிடமோ மணமகளின் அக்காவிடமோ கேட்டுக் குறித்துக்கொள்ளும் உதவியாளர், பொறுக்கும்போது தடுமாறார்.

பின்னர் நிறமும் ஒளியும் சீர்செய்தல். “எல்லாவற்றையும் கணினியில் சரிசெய்துகொள்ளலாம்” என்பது பாதி உண்மை. இருண்ட படத்தை ஓரளவு வெளிச்சமாக்கலாம். ஆனால் இருண்ட பகுதிகளில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் எழும். ஒளி மிகுந்து முற்றிலும் வெளுத்துப்போன இடத்தையோ மீட்கவே இயலாது. நம் மணமகளிர் பலர் வெண்பட்டு உடுத்துவதால் இதைச் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். சேலையின் மடிப்பும் பூவேலையும் மறைந்து, வெறும் வெள்ளைத் தாள்போலத் தோன்றுமாயின் அவ்விவரம் பதிவாகவே இல்லை என்பது பொருள். கேமராத் திரையில், மிகுதியாக வெளுத்த இடங்களைச் சிமிட்டிக் காட்டும் அமைப்பு உண்டு. அதனைக் கண்டு, “அண்ணா, சேலை சிமிட்டுகிறது” என்று மெல்லச் சொல்லும் உதவியாளர், இரவில் தமக்கே வரும் தொல்லையைப் பகலிலேயே நீக்கிவிடுகிறார்.

நிறத்தைப் பொறுத்தவரை, ஒவ்வோர் இடத்திலும் ஒளி மாறியவுடன் சாம்பல் நிற அட்டை ஒன்றைப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். பின்னர் அந்த அட்டையைக் கொண்டு நிறத்தைச் சரிசெய்து, அதே ஒளியில் எடுத்த மற்றப் படங்கள் அனைத்துக்கும் அதனையே பரப்பலாம். மணமகளைச் சிவப்பாகக் காட்டும்படி உறவினர் கேட்பதுண்டு. முகத்தை மட்டும் வெளுக்கச் செய்தால், அது கழுத்தோடும் கைகளோடும் பொருந்தாமல் சாம்பல் பூத்து நிற்கும். அவளுடைய நிறத்தை உள்ளபடி காட்டுவதே நேர்மையும் நல்ல தொழிலும் ஆகும்.

இறுதியாக, ஊதியம். இங்குதான் இளைஞர் பலர் ஏமாறுகின்றனர். திருமண நாளுக்கு உரிய கூலியை மட்டும் பேசிவிட்டு, படம் திருத்துவதை “கற்றுக்கொள்வதற்காக” என்று கூலியின்றி ஏற்றுக்கொள்கின்றனர். கணக்கிட்டுப் பார்ப்போம். 2,400 படங்களை ஒரு முறை பார்க்க, படத்துக்கு 3 நொடி வீதம் 2 மணி நேரம். 500 படங்களைச் சீர்செய்ய, படத்துக்கு ஒன்றரை நிமிடம் வீதம் பன்னிரண்டரை மணி நேரம். இரண்டாம் சுற்றுக்கும் இறுதிப் பார்வைக்குமாக ஒன்றரை மணி நேரம் மட்டுமே கொண்டாலும் மொத்தம் 16 மணி. திருமண நாளின் உழைப்பைவிட இது பெரிது. இதற்கு 3,200 ரூபாய் பேசினால் மணிக்கு 200 ரூபாய் ஆகிறது. 800 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் 50 ரூபாய்தான். தொகை ஊருக்கு ஊர் மாறும்; கணக்கு மாறாது. ஆகவே நாட்கூலி எவ்வளவு, படம் திருத்துவதற்கு எவ்வளவு, எந்த நாளில் கொடுக்கப்படும், பொருள் பழுதுபட்டால் யார் பொறுப்பு, தாம் எடுத்த படங்களைத் தம் திறமைக்குச் சான்றாகக் காட்டலாமா என்பனவற்றை முதல் திருமணத்துக்கு முன்பே பேசித் தாளில் எழுதிக்கொள்ளல் நலம். மணவீட்டாரின் இசைவின்றி அப்படங்களைத் தம் கைப்பேசி வழியே ஊருக்குக் காட்டுதல் எவ்வாற்றானும் தகாது.

பெற்றோர்க்கு ஒரு சொல். மூன்று மாதம் கழித்து, நீக்கப்பட்ட படம் ஒன்றைக் காட்டி, “இது ஏன் கெட்டது?” என்று உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். “விளக்கை நான் ஓரமாகப் பிடித்தேன், பாட்டிக்கு ஒளி எட்டவில்லை, நடுவுக்கு வந்திருக்க வேண்டும்” என்ற வகையில் விடை வருமாயின், பிள்ளை தொழில் கற்கிறது. “அது எனக்குத் தெரியாது, படங்களை அவர்தாம் பார்த்துக்கொள்கிறார்” என்று விடை வருமாயின், அது இன்னும் பைதான் சுமந்துகொண்டிருக்கிறது. அப்போது புகைப்படக்காரரை நேரிற் கண்டு, பொறுக்கும் வேலையிலும் பங்கு தரும்படி கேளுங்கள். அவர் மறுத்தால் வேறு ஒருவரைத் தேடுங்கள்.